முதல் அரைப் பக்கம்!
டெண்டர் கேட்டவர் கண்ணில் முதலில் பட வேண்டியது எது?

ஒரு சிறிய ஊர். தினமும் 20 லட்சம் லிட்டர் தண்ணீரை நகரசபை குழாயில் விடுகிறது. வீடுகளுக்கும் கடைகளுக்கும் போய்ச் சேர்ந்ததாகக் கணக்கில் வருவது 13 லட்சம் லிட்டர்தான். மீதி 7 லட்சம் லிட்டர் எங்கே போகிறது?

அதைக் கண்டுபிடித்துச் சொல்ல ஒரு கம்பெனி தேவை என்று நகரசபை டெண்டர் கேட்கிறது. ஐந்து கம்பெனிகள் டெண்டர் போடுகின்றன என்று வைத்துக் கொள்வோம். ஒவ்வொரு டெண்டரும் 80 பக்கம். மொத்தம் 400 பக்கம்!

இத்தனையையும் படித்து மார்க்குப் போட வேண்டியவர்கள் மூன்று அதிகாரிகள். அவர்களுக்கு அன்றாட அலுவல்களும் உண்டு. டெண்டரைக் கையில் எடுக்கும்போது அவர்கள் மனதில் இரண்டு கேள்விகள் இருக்கும்.

"இதனால் நம் ஊருக்கு என்ன பலன்?"

"இந்த வேலைக்கு இவர்கள் ஏற்றவர்கள்தானா?"

டெண்டரின் தொடக்கத்தில் ஒன்று அல்லது இரண்டு பக்கத்தில் ஒரு சுருக்கம் இருக்கும். அந்தச் சுருக்கத்தின் முதல் அரைப் பக்கத்திலேயே இரண்டு கேள்விகளுக்கும் பதில் கிடைக்க வேண்டும். பல டெண்டர்களில் அது கிடைப்பதில்லை. பதில் இல்லாமல் இல்லை. 17-வது பக்கத்தில் ஒளிந்து கொண்டிருக்கும்!

நாலு மார்க்கின் விலை

"டெண்டர் என்றால் குறைந்த விலை கேட்டவருக்குத்தானே கொடுப்பார்கள்? சுருக்கம் எப்படி இருந்தால் என்ன?" என்று சிலர் கேட்கலாம்.

மண் கொட்டுவது, நாற்காலி வாங்குவது போன்ற வேலைகளுக்கு அது பெரும்பாலும் சரி. கேட்ட தகுதிகள் இருந்தால் போதும். பிறகு விலைதான் பேசும்.

ஆனால், அறிவையும் அனுபவத்தையும் விலைக்கு வாங்கும் வேலைகள் உண்டு. தண்ணீர் எங்கே கசிகிறது என்று ஆராய்வது அப்படிப்பட்ட வேலை. இவற்றுக்குத் தரத்துக்கும் மார்க்கு உண்டு. விலைக்கும் மார்க்கு உண்டு. மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில் இந்த முறைக்கு இடம் இருக்கிறது. உலக வங்கிக் கடனில் நடக்கும் வேலைகளிலும் இது வழக்கம்.

நமது நகரசபை தரத்துக்கு 70 பங்கு, விலைக்கு 30 பங்கு என்று வைத்திருக்கிறது. ஒரு கம்பெனி 25 லட்சம் ரூபாய் கேட்கிறது. போட்டிக் கம்பெனி 23 லட்சம் கேட்கிறது. குறைந்த விலைக்கு 100 மார்க்கு. 25 லட்சம் கேட்டவருக்கு, 23-ஐ 25-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால், 92 மார்க்கு.

தரத்தில் முதல் கம்பெனிக்கு 82 மார்க்கு, போட்டிக் கம்பெனிக்கு 76 மார்க்கு என்றால், பங்குப்படி கூட்டிப் பார்க்க வேண்டும். முதல் கம்பெனிக்கு 85. போட்டிக் கம்பெனிக்கு 83.2. இரண்டு லட்சம் கூடுதலாகக் கேட்டும் முதல் கம்பெனிக்கே வேலை!

அதே கம்பெனிக்குத் தரத்தில் 82-க்குப் பதில் 78 விழுந்திருந்தால்? கூட்டுத் தொகை 82.2 ஆகிவிடும். வேலை கை நழுவிவிடும். நாலே மார்க்கில் ஆறு மாத வேலை போய்விட்டது! அந்தக் கம்பெனியில் சம்பளம் வாங்கும் குடும்பங்களுக்கு நாலு மார்க்கு சின்ன விஷயமா?

சுருக்கத்துக்கென்று தனி மார்க்கு பெரும்பாலும் கிடையாது. ஆனால், எந்தப் பக்கத்தில் எந்த மார்க்குக்கு உரிய விஷயம் இருக்கிறது என்று அதிகாரிக்கு வழி காட்டுவது அதுதான். வழி தெரியாவிட்டால், உள்ளே இருக்கும் நல்ல விஷயம் கண்ணில் படாமலே போகலாம்.

சொந்தப் புராணம்

அந்தக் கம்பெனி முதலில் எழுதிய சுருக்கம் இப்படித் தொடங்கியது:

"எங்கள் நிறுவனம் 1998-ஆம் ஆண்டில் ஆரம்பிக்கப்பட்டது. தண்ணீர்த் துறையில் நீண்ட அனுபவம் உடையது. நவீனக் கருவிகளும் திறமையான இன்ஜினீயர்களும் எங்களிடம் உள்ளனர். தரமே எங்கள் தாரக மந்திரம். தங்கள் மேலான நகரசபையின் இந்தப் பணியில் பங்கு கொள்ளப் பெருமைப்படுகிறோம். தண்ணீர் மனித வாழ்வுக்கு இன்றியமையாதது என்பதை நாங்கள் நன்கு உணர்ந்திருக்கிறோம்..."

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், 20 லட்சம் லிட்டர் எங்கே? 7 லட்சம் லிட்டர் எங்கே? நகரசபைக்குக் கிடைக்கப் போவது என்ன? ஒன்றும் இல்லை!

இதைத் திருத்த உட்காருபவர் முதலில் பேனாவை எடுக்கக் கூடாது. நகரசபை கொடுத்த டெண்டர் பத்திரத்தை எடுக்க வேண்டும். அதில் இரண்டு இடங்களை அடிக்கோடிட வேண்டும். ஒன்று, என்ன வேண்டும் என்று கேட்டிருக்கும் இடம். மற்றொன்று, எதற்கு எத்தனை மார்க்கு என்று சொல்லியிருக்கும் பட்டியல்.

இங்கே பட்டியல் இதுதான்: வேலை செய்யும் முறைக்கு 40, வேலைக்கு வரும் முக்கிய ஆட்களுக்கு 40, கம்பெனியின் முன் அனுபவத்துக்கு 10, நகரசபை ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுப்பதற்கு 10.

இப்போது பழைய சுருக்கத்தைப் பாருங்கள். கம்பெனியின் சொந்தக் கதையே முக்கால் பங்கு. அதற்கு உரிய மார்க்கு பத்துதான். எண்பது மார்க்கு உள்ள இரண்டு விஷயங்களுக்கு "நவீனக் கருவிகள்", "திறமையான இன்ஜினீயர்கள்" என்ற இரண்டே சொற்கள்!

சிவப்புப் பென்சில்

அடுத்தபடி, ஒவ்வொரு வாக்கியத்தையும் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "இதே வாக்கியத்தைப் போட்டிக் கம்பெனியும் எழுத முடியுமா?"

முடியும் என்றால் அந்த வாக்கியத்தின் மேல் சிவப்புக் கோடு!

"தரமே எங்கள் தாரக மந்திரம்." யாரும் எழுதலாம். கோடு. "தண்ணீர் இன்றியமையாதது." அதிகாரிக்குத் தெரியாதா? கோடு. "நவீனக் கருவிகள்." எந்தக் கருவி? எத்தனை? கோடு. இப்படிப் பார்த்தால் ஏழு வாக்கியத்தில் ஒன்று மிஞ்சுவதுகூட அரிது.

அப்படியானால் எதை எழுதுவது? மற்றவர் எழுத முடியாத விஷயத்தைத் தேட வேண்டும். அது பெரும்பாலும் டெண்டரின் நடுவிலேயே கிடக்கும். வேலை தெரிந்த இன்ஜினீயர் எழுதிய பகுதியில் இருக்கும்.

இந்த டெண்டரில் அது 17-வது பக்கத்தில் இருந்தது.

தண்ணீர்க் கசிவை அளக்கப் பல நாடுகளில் ஒரு முறை வழக்கத்தில் உண்டு. நள்ளிரவுக்குப் பிறகு ஊர் தூங்கும். தண்ணீர் பிடிப்பவர்கள் மிகச் சிலர். அந்த நேரத்திலும் குழாயில் தண்ணீர் ஓடிக் கொண்டிருந்தால், அதில் பெரும்பகுதி கசிவுதான் என்று கணக்கிடுவார்கள்.

நல்ல முறைதான். ஆனால், 24 மணி நேரமும் குழாயில் தண்ணீர் இருக்கும் ஊருக்குத்தான் அது பொருந்தும். நமது ஊரில் ஒரு நாள் விட்டு ஒரு நாள், இரண்டு மணி நேரம்தான் தண்ணீர் வரும். நள்ளிரவில் குழாய் காலி. எதை அளப்பது?

அந்த இன்ஜினீயர் இதை யோசித்திருக்கிறார். ஊரை 12 வட்டாரமாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஓர் இரவு தனியாகத் தண்ணீர் விட வேண்டும். முன்கூட்டி வீட்டுக்காரர்களிடம் சொல்லி, வீட்டு இணைப்புகளின் வால்வை மூடிவிட வேண்டும். இல்லாவிட்டால் வீட்டுத் தொட்டிகள் நிரம்பும், கணக்குத் தப்பிவிடும். எல்லாம் மூடிய பிறகும் மீட்டர் ஓடினால், ஓடுவது பெரும்பாலும் கசிவு. குழாயில் தண்ணீர் அழுத்தம் இருக்கும் அந்த நேரத்திலேயே, சத்தம் கேட்கும் கோலைக் குழாயிலும் வால்விலும் வைத்து, கசியும் இடத்தையும் கண்டுபிடித்துவிடலாம்.

இந்த ஊரைப் புரிந்து கொண்டவர் எழுதிய விஷயம் இது. முறைக்கு உரிய 40 மார்க்கு இதில் அடங்கியிருக்கிறது. ஆனால், சுருக்கத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை!

திருத்திய அரைப் பக்கம்

திருத்தி எழுதிய பிறகு, முதல் அரைப் பக்கம் இப்படி ஆயிற்று:

"நகரசபை தினமும் 20 லட்சம் லிட்டர் தண்ணீர் விடுகிறது. கணக்கில் வருவது 13 லட்சம் லிட்டர். மீதி 7 லட்சம் லிட்டர் எங்கே போகிறது என்பதை 6 மாதத்தில் வீதி வாரியாகக் காட்ட வேண்டும் என்பது தங்கள் தேவை.

வேலை முடியும்போது தங்கள் கையில் மூன்று விஷயங்கள் இருக்கும். 12 வட்டாரங்களில் ஒவ்வொன்றிலும் எவ்வளவு கசிகிறது என்ற அளவு. கசியும் இடங்களைக் குறித்த வீதிப் படம். எந்தக் குழாயை முதலில் ரிப்பேர் செய்தால் அதிகத் தண்ணீர் மிச்சமாகும் என்ற வரிசைப் பட்டியல் (பக்கம் 14).

தங்கள் ஊரில் ஒரு நாள் விட்டு ஒரு நாள், 2 மணி நேரம் தண்ணீர் வருகிறது. ஆகவே வழக்கமான இரவு அளவு முறை இங்கே பயன்படாது. வட்டாரத்துக்கு ஓர் இரவு தனியாகத் தண்ணீர் விட்டு, வீட்டு இணைப்புகளை மூடி அளப்போம். பொதுமக்களுக்குத் தண்ணீர் விடும் நேரம் மாறாது (பக்கம் 17).

இப்படித் தண்ணீர் விடும் 2 ஊர்களில் இதே முறையில் அளந்திருக்கிறோம் (பக்கம் 31). அங்கே தலைமை வகித்த இன்ஜினீயரே 6 மாதமும் இங்கே தங்கி வேலை பார்ப்பார் (பக்கம் 42). தங்கள் ஊழியர் 6 பேர், கடைசி 4 வட்டாரங்களை எங்கள் மேற்பார்வையில் தாங்களே அளப்பார்கள் (பக்கம் 55)."

வரிசையைக் கவனியுங்கள். முதலில் நகரசபையின் தேவை. அதுவும் நகரசபை சொன்ன அதே சொற்களில். டெண்டர் பத்திரத்தில் "வட்டாரம்" என்று இருந்தால் சுருக்கத்திலும் "வட்டாரம்" என்றே இருக்க வேண்டும். "மண்டலம்" என்று மாற்றினால், அதுவும் இதுவும் ஒன்றா என்று அதிகாரி யோசிக்க நேரிடும்.

அடுத்தது பலன். கம்பெனி என்ன செய்யும் என்பதைவிட, வேலை முடிந்ததும் நகரசபையின் கையில் என்ன இருக்கும் என்பது முன்னால் வந்துவிட்டது. பிறகு முறை, அனுபவம், ஆள், பயிற்சி. மார்க்குப் பட்டியலின் நாலு தலைப்பும் வந்துவிட்டன. கம்பெனி சொல்லும் ஒவ்வொரு விஷயத்துக்கும் பக்க எண் உண்டு. அதிகாரி சந்தேகப்பட்டால் உடனே புரட்டிப் பார்க்கலாம்.

1998 எங்கே போயிற்று? இரண்டாவது பக்கத்துக்குப் போயிற்று. அங்கே இருந்தால் தவறு இல்லை.

கணக்கரிடம் ஒரு பரீட்சை

எழுதியவருக்குத் தன் எழுத்து எப்போதும் தெளிவாகத்தான் தோன்றும். ஆகவே ஒரு பரீட்சை வைக்க வேண்டும். இந்த வேலையில் சம்பந்தப்படாத ஒருவரிடம், கம்பெனியின் கணக்கரிடமே, காகிதத்தைக் கொடுக்கலாம். கீழ்ப் பாதியை ஓர் அட்டையால் மறைத்துவிட வேண்டும். ஒரு நிமிஷம் படிக்கச் சொல்லிக் காகிதத்தைத் திரும்ப வாங்கிக் கொள்ள வேண்டும்.

"கணக்கரே, நகரசபைக்கு என்ன வேண்டுமாம்?"

"ஏழு லட்சம் லிட்டர் தண்ணீர் எங்கே போகிறது என்று தெரிய வேண்டுமாம், ஐயா."

"நாம் என்ன கொடுக்கிறோம்?"

"எந்தக் குழாயை முதலில் சரி செய்வது என்று பட்டியல் கொடுக்கிறோம்."

"மற்றவர்களை விட்டுவிட்டு நம்மை ஏன் எடுக்க வேண்டும்?"

"ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் வரும் ஊரில் அளக்க நமக்குத் தெரியும். முன்பே இரண்டு ஊரில் செய்திருக்கிறோமே!"

மூன்றுக்கும் பதில் வந்துவிட்டால் சுருக்கம் தேறிவிட்டது. "நம் கம்பெனி நல்ல கம்பெனி என்று போட்டிருக்கிறது, ஐயா" என்று கணக்கர் சொன்னால், மறுபடியும் பென்சிலை எடுக்க வேண்டியதுதான்.

மூன்று ஆபத்துகள்

சுருக்கத்தைப் பளிச்சென்று எழுதப் போய் வம்பில் மாட்டிக் கொள்வதும் உண்டு.

முதல் ஆபத்து, விலை. இத்தகைய டெண்டர்களில் இரண்டு கவர் உண்டு. ஒன்றில் வேலை முறை, மற்றொன்றில் விலை. இப்போது கம்ப்யூட்டர் மூலம் அனுப்பும்போதும் இரண்டும் தனித் தனிதான். முதல் கவருக்கு மார்க்குப் போட்டு முடித்த பிறகே விலைக் கவரைத் திறப்பார்கள். "இவ்வளவு சிறந்த வேலையை 25 லட்சத்திலேயே முடிப்போம்" என்று முதல் கவரில் உள்ள சுருக்கத்தில் எழுதிவிட்டால்? டெண்டரையே தள்ளிவிடலாம். உலக வங்கியின் விதிமுறையும் இதில் கண்டிப்பானது. ஆகவே பலனை லிட்டரிலும் மாதத்திலும் சொல்ல வேண்டும். தன் விலையைச் சொல்லவே கூடாது.

இரண்டாவது ஆபத்து, அளவுக்கு மீறிய வாக்குறுதி. "7 லட்சம் லிட்டரையும் மிச்சப்படுத்துவோம்" என்று எழுத ஆசை வரும். ஆனால், அந்த 7 லட்சம் முழுவதும் கசிவு அல்ல. திருட்டு இணைப்பில் போவதும், மீட்டர் தவறாகக் காட்டுவதும் அதில் சேர்ந்திருக்கும். மேலும், குழாயை ரிப்பேர் செய்வது இந்த டெண்டரில் இல்லை. வேலை கிடைத்த பிறகு டெண்டரில் எழுதியது ஒப்பந்தத்தோடு சேர்ந்துவிடக் கூடும். அப்போது, "எங்கே மிச்சம்?" என்று நகரசபை கேட்டால் பதில் சொல்ல முடியாது. "அளந்து காட்டுவோம்" என்பதுதான் நியாயமான வாக்கு.

மூன்றாவது ஆபத்து, உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. சுருக்கத்தில் 12 வட்டாரம்; 17-வது பக்கத்தில் 10 வட்டாரம். சுருக்கத்தில் 6 மாதம். வேலை அட்டவணையில் 7 மாதம். எதை நம்புவது? பழைய டெண்டரைப் பார்த்து எழுதி, வேறு ஊரின் பெயரையே விட்டுவிடுபவர்களும் உண்டு! கடைசி நாளில் பக்கங்களைச் சேர்க்கும்போதும் நீக்கும்போதும் பக்க எண்கள் நகர்ந்துவிடும். ஆகவே எல்லாம் முடிந்த பிறகு, சுருக்கத்தில் உள்ள ஒவ்வோர் எண்ணையும் உள்ளே உள்ள எண்ணோடு ஒருவர் ஒத்துப் பார்க்க வேண்டும். எழுதியவர் அல்லாமல் வேறொருவர் பார்ப்பது நல்லது.

எவ்வளவு நன்றாக எழுதினாலும் சுருக்கத்தால் ஆகாத காரியங்களும் உண்டு. கேட்ட முன்பணம் கட்டாமல் இருந்தால், கேட்ட சான்றிதழ் வைக்காமல் இருந்தால், அழகான அரைப் பக்கம் காப்பாற்றாது. 17-வது பக்கத்தில் நல்ல முறை இல்லாவிட்டால் சுருக்கத்தில் எழுதுவதற்கும் ஒன்றும் இருக்காது. இல்லாத சரக்கைச் சுருக்கம் உண்டாக்காது. இருக்கிற சரக்கை முன்வாசலுக்குக் கொண்டு வந்து வைக்கும். அவ்வளவுதான்!